பாதிப் பேர் தப்பாகச் சொன்னால் அடுத்த ஸ்லைடு எது?

"ஆன்லைன் வகுப்பா? பத்து நிமிஷத்துக்கு ஒரு போல் போட்டுவிடு, யாரும் தூங்க மாட்டாங்க." பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்கள் கூடும் இடத்திலெல்லாம் இந்த அறிவுரை காதில் விழுகிறது. கேட்கும்போது சரியாகத்தான் படுகிறது. ஆனால் அப்படிப் போல், அதாவது திரையிலேயே ஒரு வாக்கெடுப்பு, போட்ட பல வகுப்புகளில் நான் உட்கார்ந்திருக்கிறேன். திரையில் கேள்வி வரும், பட்டனை அமுக்குவோம், 64 சதவீதம் என்று பட்டை நீளும், "ரொம்ப நல்லது, பெரும்பாலானோர் சரியாச் சொல்லியிருக்கீங்க" என்பார் பேச்சாளர், அடுத்த ஸ்லைடு ஓடும். தப்பாகச் சொன்ன மீதி 36 சதவீதம் பேர் என்ன ஆனார்கள்? அவர்களைப் பற்றி அந்த வகுப்பில் யாரும் கேட்பதில்லை. இது எனக்கு வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்த விஷயம். அதைக் கொஞ்சமாவது தீர்த்தது ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவருடைய ஸ்லைடுகளைத் திருத்தி எழுதிய வேலைதான்.

சார் மதுரைக்காரர். முதல் வேலையில் சேர்ந்த பிள்ளைகளுக்குக் கடன் வாங்குவது பற்றி வகுப்பெடுப்பார். கல்லூரி ஹால், கம்பெனி மீட்டிங் ரூம் என்று நேரில்தான் பழக்கம். 44 ஸ்லைடு, ஒன்றரை மணி நேரம். அதே வகுப்பை ஜூமில் எடுக்க வேண்டும் என்று வந்தபோது, "நடுவுல நாலஞ்சு கேள்வி மட்டும் சொருகிக் குடுங்க தம்பி" என்று கோப்பை அனுப்பினார். அனுப்பிய கையோடு ஒரு தயக்கத்தையும் சொன்னார்: "ஹால்ல முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சுடும், யாருக்குப் புரியலைன்னு. இங்கே கறுப்புக் கட்டமா இருக்கு. நான் யார்கிட்ட பேசறேன்னே தெரியலை."

எனக்கு இந்த ஒரு வாக்கியமே போதுமானதாக இருந்தது. ஹாலில் அவருக்கு முகங்கள் தகவல் கொடுத்தன. யாராவது புருவத்தைச் சுருக்கினால் திரும்பச் சொல்லுவார், தலையாட்டினால் வேகமாகத் தாண்டுவார். ஆன்லைனில் அந்தத் தகவல் அறுந்துவிட்டது. அப்படியானால் போல் என்பது கூட்டத்தை விழிக்கவைக்கிற சாதனம் இல்லை, பேச்சாளருடைய கண். கண்ணில் பட்டதை வைத்து அவர் எதையாவது மாற்றிச் செய்ய வேண்டும், இல்லையென்றால் பார்த்து என்ன பயன்?

கோப்பில் சார் ஏற்கனவே ஒரு கேள்வி வைத்திருந்தார், 19-ஆவது ஸ்லைடில். அதுவரை ஃப்ளாட், டிமினிஷிங் என்று கடனுக்கு வட்டி போடுகிற இரண்டு முறைகளுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பன்னிரண்டு ஸ்லைடில் விளக்கிவிட்டு, "ஃப்ளாட் வட்டி நல்லதா, டிமினிஷிங் வட்டி நல்லதா?" என்று கேட்டிருந்தார். போனில் கேட்டேன்: "சார், இந்தக் கேள்விக்குப் பாதிப் பேர் தப்பாச் சொன்னா அடுத்து எந்த ஸ்லைடு?" கொஞ்ச நேரம் பதில் இல்லை. "அதே 20-ஆவதுதான்" என்றார். "எல்லாரும் சரியாச் சொன்னா?" "அதுக்கும் 20-ஆவதுதான்." அப்புறம் அவரே சொன்னார், "அப்ப இந்தக் கேள்வி எதுக்கு?"

அங்கேதான் வேலை திசை மாறியது. கேள்வி சொருகுகிற வேலை என்று தொடங்கியது, ஸ்லைடுகளின் வரிசையையே கலைத்து அடுக்குகிற வேலையாகிவிட்டது. விதி ஒன்றே ஒன்றுதான் வைத்துக்கொண்டோம்: எந்தப் பதில் வந்தாலும் அடுத்த ஸ்லைடு ஒன்றேதான் என்றால் அந்தப் போல் வேண்டாம்.

கேள்வியை முன்னால் கொண்டுவருவது

விளக்கி முடித்த பிறகு கேட்டால், கேட்டவர்கள் உங்கள் வாயிலிருந்து வந்ததையே திருப்பிச் சொல்லுவார்கள். "டிமினிஷிங் நல்லது" என்று பன்னிரண்டு ஸ்லைடு சொன்ன பிறகு வேறு என்ன பதில் வரும்? அது புரிந்ததற்கு அடையாளம் இல்லை. அதனால் கேள்வியை விளக்கத்துக்கு முன்னால் நகர்த்தினோம், 8-ஆவது ஸ்லைடுக்கு. ஆனால் ஃப்ளாட் என்றால் என்ன என்றே தெரியாதவரிடம் முன்கூட்டிக் கேட்டால் அது வெறும் குருட்டாம்போக்கு. அதற்காக 7-ஆவது ஸ்லைடில் இரண்டே வரி: ஃப்ளாட் வட்டியில், முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி வரை வட்டி, டிமினிஷிங் வட்டியில், அந்தந்த மாதம் பாக்கி இருக்கிற தொகைக்கு மட்டும் வட்டி. சொல்லின் பொருள் தெரிந்தால் போதும். அதன் விளைவு என்ன என்பதைத்தான் கேள்வி தோண்ட வேண்டும்.

கேள்வியையும் மாற்றினோம். "எது நல்லது" என்பதற்கு யாரும் யோசிக்க வேண்டியதில்லை. இப்படி எழுதினோம்: "ஒரு லட்சம் ரூபாய் கடன், 12 மாதத் தவணை. எதில் மொத்த வட்டி குறைவு? ஒன்று, 12 சதவீத ஃப்ளாட். இரண்டு, 18 சதவீத டிமினிஷிங். மூன்று, இரண்டும் கிட்டத்தட்ட சமம். நான்கு, தெரியவில்லை." 12 சதவீத ஃப்ளாட்டில் வட்டி 12,000 ரூபாய். 18 சதவீத டிமினிஷிங்கில் மாதத் தவணை 9,168, பன்னிரண்டு மாதத்துக்கு மொத்தம் 1,10,016, அதாவது வட்டி 10,016. பெரிய எண்ணாகத் தெரிகிற 18 சதவீதம்தான் மலிவு. கடன் விற்கிறவர்கள் "மாசம் ஒரு பைசா வட்டிதான்" என்று சொல்லும்போது எந்த இடத்தில் ஆள் ஏமாறுகிறானோ, அந்த இடத்திலேயே இந்தக் கேள்வி நிற்கிறது. தப்பான விடைகளையும் நாங்களாகக் கற்பனை செய்யவில்லை. சார் இத்தனை வருஷம் கவுண்டரில் கேட்ட தப்பான யோசனைகளிலிருந்து எடுத்தோம். "12, 18-ஐவிடச் சின்னது" என்பது ஒரு யோசனை. "வட்டி எப்படிப் போட்டாலும் கடைசியில் ஒன்றுதான்" என்பது இன்னொன்று. எந்த விடையில் எத்தனை பேர் என்று பார்த்தால், எந்த யோசனை எத்தனை பேர் தலையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

நான்காவதாக "தெரியவில்லை" என்று வைத்ததற்குச் சார் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, எல்லாரும் அதில் போய் ஒளிந்துகொள்வார்கள் என்றார். எனக்கு அந்த இடம் அவசியம் என்று பட்டது. அது இல்லாவிட்டால் தெரியாதவர்கள் மற்ற மூன்றிலும் சிதறிப்போய் விழுவார்கள், சரியான விடையின் எண்ணிக்கை பொய்யாக உயரும்.

மூன்று பாதைகள்

ஹார்வர்டில் இயற்பியல் கற்பிக்கும் எரிக் மஸூர் 1990-களிலிருந்து சொல்லிவரும் முறை ஒன்று உண்டு. விரிவுரையின் நடுவே ஒரு கேள்வி, ஒவ்வொருவரும் தனியாக யோசித்து வாக்களிப்பது, பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் வாதாடுவது, மறுபடி வாக்களிப்பது. சரியான விடை ஏறக்குறைய 30-லிருந்து 70 சதவீதத்துக்குள் இருந்தால்தான் அந்த வாதம் பலன் தரும். அதற்குக் கீழே என்றால் வாதாட ஆளே இருக்காது, திரும்ப விளக்க வேண்டும். மேலே என்றால் சுருக்கமாக முடித்துவிட்டு நகரலாம். இந்த எல்லைகளை அப்படியே எடுத்துக்கொண்டு, 8-ஆவது ஸ்லைடிலிருந்து மூன்று பாதை போட்டோம்.

பவர்பாயின்ட்டில் ஸ்லைடை மறைத்து வைக்கலாம், வரிசையாக ஓட்டும்போது அது வராது. ஆனால் ஸ்லைடுஷோ ஓடும்போது விசைப்பலகையில் அந்த எண்ணைத் தட்டி எண்டர் கொடுத்தால் நேராக அங்கே போய்விடும். விளக்க ஸ்லைடுகளைக் கோப்பின் கடைசியில் 40-லிருந்து மறைத்து வைத்தோம். சாருடைய மேஜையில் ஒரு தாள்: "30-க்குக் கீழே, 40 தட்டு. நடுவில், இரண்டு பக்கமும் ஒவ்வொருவரைப் பேசச் சொல், மறுவாக்கு. 70-க்கு மேலே, 9." இதை ஸ்பீக்கர் நோட்ஸில் போடாமல் தாளில் எழுதியதற்குக் காரணம், சார் ஒரே திரையில் வேலை செய்கிறவர். ஷேர் செய்யும்போது நோட்ஸ் அவர் கண்ணுக்குப் படாது.

மறுவாக்குக்கு அதே கேள்வியை இன்னொரு போலாகத் தனியாக ஏற்றி வைத்தோம், இரண்டு முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமே. இன்னொன்று, ஜூமில் போலை முடிப்பதும் முடிவைக் காட்டுவதும் வேறு வேறு பட்டன். முதல் வாக்கின் முடிவைக் கூட்டத்துக்குக் காட்டவே கூடாது. 70 சதவீதம் பேர் ஒரு பக்கம் என்று தெரிந்துவிட்டால் மிச்சம் பேர் யோசிக்காமல் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். முடிவு பேச்சாளருக்கு மட்டும் தெரிந்தால் போதும். மறுவாக்கு முடிந்த பிறகு இரண்டையும் சேர்த்துக் காட்டலாம்.

"தப்பாச் சொன்னா அவங்களுக்குக் கூச்சமா இருக்காதா?" என்பது சாருடைய நியாயமான கவலை. போலைத் தயாரிக்கும்போதே பெயர் தெரியாதபடி அமைத்துவிட்டோம். கடன் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். "இப்போது உங்களுக்கு எத்தனை கடன் இருக்கிறது?" என்று ஒரு கேள்வி இருந்தது, பெயரோடு அதற்கு உண்மை சொல்கிறவர் குறைவு. போல் தொடங்கிய பிறகு மனசு மாறிப் பயனில்லை, முன்கூட்டியே அமைக்க வேண்டும், அமைத்ததை வாய்விட்டும் சொல்ல வேண்டும். பெயர் வராது என்று பேச்சாளர் சொன்னால்தான் ஆட்களுக்குத் தெரியும்.

மௌனத்துக்கு ஒரு ஸ்லைடு

1970-களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்தார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவுதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக நீட்டினால் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். நேர் வகுப்பிலேயே இந்த நிலை என்றால் ஆன்லைனில்? போனில் பார்ப்பவர் சாட்டைத் தேடித் திறந்து, தமிழா தங்கிலீஷா என்று முடிவுசெய்து, தட்டி, அனுப்ப வேண்டும். மூன்று விநாடியில் சாட்டே திறந்திருக்காது. பேச்சாளருக்கோ அந்த மூன்று விநாடியே பெரும் வெற்றிடமாகத் தோன்றும், "சரி, நானே சொல்லிடறேன்" என்று ஆரம்பித்துவிடுவார்.

அதோடு ஆன்லைனில் மௌனத்துக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கிறது: லைன் போய்விட்டது. நேர் வகுப்பில் சார் யோசிக்க நேரம் கொடுக்கும்போது 'பி' விசையைத் தட்டித் திரையைக் கறுப்பாக்கிவிடுவார், எல்லாரும் அவரையோ தாளையோ பார்ப்பார்கள். ஜூமில் அதே விசையைத் தட்டி, பேச்சையும் நிறுத்தினால் பத்து விநாடியில் "சார் கேக்குதா?" "ஆடியோ கட்" என்று சாட்டில் வரிசையாக வரும். அதனால் மௌனத்துக்குத் தனி ஸ்லைடு போட்டோம். என்ன செய்ய வேண்டும், எவ்வளவு நேரம், முடித்ததும் என்ன, இந்த மூன்றும் பெரிய எழுத்தில். அது திரையில் வந்ததும் சார் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "இரண்டு நிமிஷம் நான் பேச மாட்டேன், லைன் இருக்கு."

அந்த இரண்டு நிமிஷத்தில் செய்கிற கணக்கைச் சொல்ல வேண்டும், இந்த வகுப்பின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஒரு லட்சம், 12 சதவீத ஃப்ளாட். மாதம் அசல் 8,333, வட்டி 1,000. ஒரு தாளில் மூன்று வரிசை போடுங்கள்: முதல் மாதம், ஏழாவது மாதம், பன்னிரண்டாவது மாதம். ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் பாக்கி அசல் எவ்வளவு, அந்த மாதம் கட்டுகிற வட்டி எவ்வளவு? முதல் மாதம் பாக்கி ஒரு லட்சம், வட்டி 1,000. ஏழாவது மாதம் பாக்கி 50,000, வட்டி அதே 1,000. பன்னிரண்டாவது மாதம் பாக்கி 8,333 மட்டும், அதற்கும் வட்டி 1,000. ஒரே மாதத்துக்கு 12 சதவீதம். இதைச் சார் ஹாலில் ஐந்து ஸ்லைடில், வரைபடமெல்லாம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். தன் கையாலேயே அந்த மூன்றாவது வரிசையை எழுதுகிற ஆளுக்கு வரைபடம் தேவைப்படவில்லை. ஐந்தையும் எடுத்துவிட்டோம்.

பதிலைச் சாட்டில் வாங்குவதற்கு ஒரு ஒழுங்கு வைத்தோம். "பன்னிரண்டாவது மாதத்துப் பாக்கியை எண்ணாக மட்டும் டைப் பண்ணுங்க, அனுப்பாதீங்க, நான் சொன்னதும் எல்லாரும் சேர்ந்து அனுப்புங்க." எண் என்பதால் எந்தக் கீபோர்டிலும் சட்டென்று வரும். சேர்ந்து அனுப்புவதால் முதலில் வந்த பதிலைப் பார்த்து மற்றவர்கள் எழுத வழியில்லை. முப்பது நாற்பது எண்கள் ஒரே நேரத்தில் இறங்கும்போது தப்பும் கண்ணில் படும். 16,666 என்று வந்தால் அவர் ஒரு தவணையைக் குறைவாகக் கழித்திருக்கிறார். பூஜ்ஜியம் என்று வந்தால் மாதக் கடைசியில் பார்த்திருக்கிறார். ஒரு லட்சம் என்று வந்தால், அவருக்குக் கடன் குறைகிறது என்பதே இன்னும் பிடிபடவில்லை, அவருக்காகத்தான் நின்று பேச வேண்டும்.

எடுத்தது

ஒரு முழுச் சுற்று, அதாவது கேள்வி, வாக்கு, வாதம், மறுவாக்கு, ஐந்து ஆறு நிமிஷத்தைத் தின்னும். மறுவாக்கு இல்லாத சின்னப் போல் இரண்டு நிமிஷம். இரண்டு முழுச் சுற்று, இரண்டு சின்னப் போல், இரண்டு மௌனம் என்று போட்டாலே இருபது நிமிஷம் போய்விடும். ஒன்றரை மணி நேரம் நீளாது. எனவே 44 ஸ்லைடு அப்படியே இருக்க முடியாது, பேச்சாளர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மனசு உடைகிறார்கள். எல்லா ஸ்லைடையும் வைத்துக்கொண்டு போலையும் சேர்த்தால் கடைசிக் கால் மணி நேரத்தில் எல்லாம் பறக்கும், மறுவாக்கும் மௌனமும்தான் முதலில் பலியாகும். கடன் வகைகளின் பட்டியல், கிரெடிட் ஸ்கோர் பற்றிய ஏழு ஸ்லைடு, சிறுகச் சிறுகச் சேமிப்பது பற்றிய பகுதி எல்லாவற்றையும் எடுத்து, பின்னால் அனுப்புகிற பி.டி.எஃப்.பில் போட்டோம். சாருக்கு கிரெடிட் ஸ்கோர் பகுதியில் மட்டும் வருத்தம். அது தனி வகுப்புக்கு உரிய விஷயம் என்றே நான் இன்றும் நினைக்கிறேன்.

எழுத்தளவும் மாறியது. நிறையப் பேர் போனில்தான் பார்ப்பார்கள். போல் வந்ததும் அது போன் திரையில் ஸ்லைடை மறைத்துவிடும், "மேலே உள்ள அட்டவணையைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்" என்று எழுதினால் அட்டவணை எங்கேயும் இருக்காது. கேள்விக்கு வேண்டிய எண்கள் எல்லாம் போலுக்குள்ளேயே இருக்க வேண்டும், விடைகள் நாலைந்து சொல்லுக்குள் முடிய வேண்டும், பேச்சாளர் அதை ஒருமுறை நிதானமாக வாசிக்கவும் வேண்டும்.

நடந்தது

அறுபது பேர்போல வந்திருந்தார்கள். 8-ஆவது ஸ்லைடில் முதல் வாக்கு. ஒரு நிமிஷம் ஆனபோது நாற்பது பேர் போட்டிருந்தார்கள், புதிய வாக்குகள் வருவது மெதுவானது. சதவீதம் என்பது வாக்குப் போட்டவர்களில்தான், வந்திருப்பவர்களில் இல்லை. நிறையப் பேர் இன்னும் போடாத நிலையில் அந்த எண்ணை நம்பிப் பாதையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. "பதில் தெரியலைன்னா நாலாவதை அமுக்குங்க, அதுவும் எனக்கு உதவும்" என்றார் சார், இன்னும் பத்துப் பேர்போல வந்தார்கள். சரியான விடையான 18 சதவீத டிமினிஷிங்குக்கு விழுந்தது ஐந்தில் ஒரு பங்கு. பெரும்பாலோர் 12 சதவீத ஃப்ளாட்டில் இருந்தார்கள்.

சார் தாளைப் பார்த்தார், 40 தட்டினார். மறைத்து வைத்திருந்த ஸ்லைடில் மூன்று வரிசை அட்டவணை காலியாக வந்தது. இரண்டு நிமிஷ மௌனம். நான் கோ-ஹோஸ்டாக இருந்ததால் சாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்கள் இறங்கியபோது பாதிக்கு மேல் 8,333. அதற்கடுத்து ஒரு பெண் எழுதியிருந்தாள்: "சார், அப்போ கடைசி மாசம் 8 ஆயிரத்துக்கு ஆயிரம் ரூபா வட்டியா?" சார் அதை உரக்க வாசித்தார், வேறு ஒரு விளக்கமும் சேர்க்கவில்லை, மறுவாக்கைத் திறந்தார். இப்போது நாலில் மூன்று பங்கு 18 சதவீத டிமினிஷிங்கில். அதற்குப் பிறகுதான் 12 சதவீத ஃப்ளாட் என்பது டிமினிஷிங் கணக்கில் ஏறக்குறைய 21.5 சதவீதம் என்ற ஸ்லைடைக் காட்டினார். பழைய கோப்பில் அந்த எண் முதல் கால் மணி நேரத்திலேயே வந்துபோகும்.

அடுத்த சின்னப் போல் இதைப் புரட்டிப்போடுவதற்காக வைத்தது. "அதே 18 சதவீதக் கடனுக்கு, பணம் கொடுக்கும்போதே பிராசஸிங் கட்டணமாக எல்லாம் சேர்த்து 2,500 ரூபாய் பிடித்துக்கொள்கிறார்கள். இப்போது எது மலிவு?" 10,016-உடன் 2,500 சேர்ந்தால் 12,516. ஃப்ளாட் கடன் ஜெயித்துவிடுகிறது. ஒரு கேள்வியில் டிமினிஷிங்தான் நல்லது என்று கற்றுக்கொண்ட கையோடு அடுத்த கேள்வியில் அதையும் நம்பாதே என்று சொல்ல வேண்டியிருக்கிறது, காரணம் உண்மை அப்படித்தான் இருக்கிறது. வட்டி, கட்டணம் எல்லாவற்றையும் ஒரே ஆண்டு விகிதமாக்கிச் சொல்கிற ஏ.பி.ஆர். எதற்கு என்பது இந்த இடத்தில்தான் விளங்கும். 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர்களுக்குத் தரும் புதிய தவணைக் கடன்களுக்கு, அந்த விகிதம் குறித்த கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட் என்ற விவரத் தாளைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது. கடைசி மௌனம் அதற்கே: அவரவர் மெயிலிலோ ஆப்பிலோ தங்கள் கடனுடைய தாளைத் தேடி ஏ.பி.ஆரைக் கண்டுபிடிப்பது, எண்ணை யாருக்கும் சொல்ல வேண்டாம், கிடைத்தால் கட்டைவிரல் குறி மட்டும் போடுங்கள். மூன்று நிமிஷம் ஒதுக்கியிருந்தோம், போதவில்லை. தாள் எங்கே இருக்கும் என்றே பலருக்குத் தெரியவில்லை. அடுத்த வகுப்புக்கு அதை முந்தின நாள் வாட்ஸாப்பில் "எடுத்து வைத்துக்கொண்டு வாருங்கள்" என்று அனுப்புவதாக மாற்றியிருக்கிறோம்.

எட்டுப் பத்துப் பேர் வகுப்புக்கு இந்தப் போல் எல்லாம் வேண்டாம், மைக்கைத் திறக்கச் சொல்லிப் பேர் சொல்லிக் கேட்டுவிடலாம். யூடியூப் நேரலை என்றால் இதே முறை அப்படியே நடக்காது, நாம் பேசுவது அவர்களுக்குச் சில விநாடிகள் கழித்துத்தான் போய்ச் சேரும், சேர்ந்து அனுப்புவது என்பதே இல்லாமல் போகும். பதிவு பார்ப்பவர்களுக்கோ போல் வெறும் படம். சாருக்கும் எனக்கும் இப்போது நடக்கிற வாக்குவாதம் அந்தப் பதிவைப் பற்றியதுதான். இரண்டு நிமிஷ மௌனத்தை வெட்டி, "வீடியோவை நிறுத்திவிட்டுக் கணக்குப் போடுங்கள்" என்று ஐந்து விநாடி அட்டை வைக்கலாம் என்பது என் கட்சி. "நிறுத்த மாட்டாங்க தம்பி, அந்த ரெண்டு நிமிஷம் அப்படியே ஓடட்டும்" என்கிறார் சார். இரண்டு விதமாகவும் ஏற்றிப் பார்க்கலாம் என்று இருக்கிறோம்.